அவள் வேண்டாம் என்ற பிறகு: ஒரு காதல் திரைக்கதை மூன்று முறை திருத்தப்பட்ட விதம்

## பின்னணி

ஒரு காதல் படத்தின் திரைக்கதை எழுதப்பட்டு, திருத்தப்பட்டு, படமாகி வெளிவந்ததைப் பற்றிய பதிவு இது. அந்தக் கதை விவாதத்தில் வசனம் எழுதுபவனாக நானும் இருந்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டிருக்கிறேன், கதையில் வரும் ஊரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன்.

2022 ஆகஸ்ட். சாலிகிராமத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடி. இயக்குநருக்கு வயது 31, அதுதான் முதல் படம். அவரோடு ஓர் இணை இயக்குநர், இரண்டு உதவி இயக்குநர்கள், தயாரிப்பாளர் சார்பாக ஒருவர், நான். உதவி இயக்குநர்களில் ஒருவர் 24 வயதுப் பெண். கதை பாதி முடிந்த பிறகு, காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி பிசகாமல் குறித்துவைக்கும் கன்டின்யூட்டி நோட்டு எழுதுவதற்காகச் சேர்ந்தவர். விவாதத்தில் அவர் பேசுவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை, பேசச் சொல்லவும் இல்லை. அது எங்கள் தவறு.

கதை இதுதான். காவிரிக் கரையில் ஒரு சிறு ஊர். நாயகனுக்கு மைக்செட் கடை. கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறவன். நாயகி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், காலை ஆறே முக்கால் டவுன் பஸ்ஸில் போகிறவள். அவன் அவளைப் பார்க்கிறான், பிடிக்கிறது, சொல்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அப்புறம் அவன் அதே பஸ்ஸில் ஏறுகிறான். ரீசார்ஜ் கடையில் அவள் நம்பரை வாங்குகிறான். பரிசோதனைக் கூடத்துக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறான். திருவிழாவில் அவள் தெருவைப் பார்த்துக் குழாயைத் திருப்பிப் பாட்டுப் போடுகிறான். நான்கு முறை மறுத்தவள், இவன் ஒரு ரவுடியை அடித்துக் கையில் கட்டோடு நிற்கும்போது சிரிக்கிறாள். இடைவேளை.

இதை எழுதியவர்களில் நானும் ஒருவன். நல்ல கதை என்றே அப்போது நினைத்தேன். இயக்குநரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து அவர் பார்த்து வளர்ந்த காதல் அப்படித்தான் இருந்தது. அவன் எவ்வளவு தூரம் போகிறானோ, அவ்வளவு உண்மையான காதல் என்பது அந்தக் கணக்கு.

## வாசிப்பு நாளில் கவனித்தது

செப்டம்பர் கடைசியில் முழு ஸ்கிரிப்ட்டையும் உட்கார்ந்து வாசித்தோம். நாயகியின் வசனத்தை வாசிக்கப் பெண் குரல் வேண்டும் என்பதற்காக அந்த உதவி இயக்குநரிடம் கொடுத்தோம். 17ஆம் காட்சியில் அவர் நிறுத்தினார்.

"சார், இங்க இவ எப்படி வீட்டுக்குப் போறா?"

"ஏம்மா, நடந்துதான்."

"அவன் தெருமுனைல நிக்கிறான். பாட்டு ஓடுது. அடுத்த சீன் மறுநாள் காலையில. நடுவுல அவ அவனத் தாண்டித்தானே வீட்டுக்குப் போயிருக்கணும்? அது எங்கயும் இல்ல சார்."

அவர் கேட்டது வெறும் கன்டின்யூட்டி கேள்வி. ஆனால் யாரிடமும் பதில் இல்லை. அவள் எப்படிப் போனாள் என்று நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. கேமரா அவனோடு தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் அவர் ஒரு தாளோடு வந்தார். கோடு போட்ட நோட்டுத்தாள், நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் ஸ்கிரிப்ட்டில் நாயகன் செய்வது, வலப்பக்கம் அதே நாளில் நாயகி என்ன செய்திருப்பாள் என்பது. எழுதியிருந்ததை நினைவிலிருந்து தருகிறேன். அவன் பஸ்ஸில் ஏறுகிற நாள்: அவள் அடுத்த வாரம் ஆறு இருபது பஸ்ஸுக்கு மாறுகிறாள், அதற்காக ஐந்து மணிக்கே எழுகிறாள். அவன் நம்பர் வாங்கிய நாள்: சிம்மை மாற்றுகிறாள், பேங்க் முதல் கேஸ் புக்கிங் வரை எல்லா இடத்திலும் நம்பரை மாற்றிக்கொடுக்க அலைகிறாள். டீக்கடை: மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருவதில்லை. குழாய் ஒலிபெருக்கி: தெருவே அவளைப் பற்றிப் பேசுகிறது, அம்மா கேட்கிறாள், "ஒண்ணுமில்ல" என்கிறாள். அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: (வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள்.)

அந்த ஒரு வரிக்கு இயக்குநர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதெல்லாம் நீயா யோசிச்சதாம்மா?" என்று கேட்டார். "பாதி சார்" என்றார் அவர்.

அன்று மாலை நானும் இணை இயக்குநரும் காட்சிகளை எண்ணினோம். இடைவேளை வரை 42 காட்சிகள். நாயகி 19 காட்சிகளில் இருக்கிறாள். நாயகன் இல்லாமல் அவள் தனியாகவோ தன் ஆட்களோடோ இருப்பது இரண்டே காட்சிகளில். அந்த இரண்டிலும் அவனைப் பற்றித்தான் பேசுகிறாள். அந்தத் தாளின் வலப்பக்கத்தில் இருந்த எதுவும் படத்தில் வர இடமே இல்லை. அவன் செய்வது அழகாகத் தெரிந்ததற்குக் காரணமே அதுதான். செலவு முழுவதும் அவள் பக்கம், அந்தப் பக்கத்தை நாங்கள் எழுதவே இல்லை.

## எதிர்ப்பும் அதற்குக் கிடைத்த பதிலும்

இயக்குநர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "படம் பாத்துட்டு யாருண்ணே கெட்டுப்போறான்?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். நாங்கள் அதைத் தட்டிக்கழிக்கவில்லை.

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது தமிழ் சினிமாவை நோக்கி இந்தக் கேள்வி எழுந்தது. எங்கள் விவாதம் நடந்துகொண்டிருந்த போதே, 2022 அக்டோபர் 13 அன்று, பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை ஓர் இளைஞன் ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றான். அன்று மாடியில் வேலை ஓடவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துத்தான் அவன் இதைச் செய்தான் என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. நாங்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

சினிமா செய்வது வேறொன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியா லிப்மன் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விடாமல் துரத்துவதைக் காதலாகக் காட்டும் படங்களைச் சில பெண்களுக்கும், அதையே பயமாகக் காட்டும் படங்களை வேறு சில பெண்களுக்கும் போட்டுக் காட்டி, பிறகு அவர்களுடைய எண்ணங்களைக் கேட்டார். காதலாகக் காட்டிய படங்களைப் பார்த்தவர்களில், படத்தை நிஜம்போல எடுத்துக்கொண்டவர்களும் அதில் மூழ்கிப் பார்த்தவர்களும், துரத்துவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் நம்பிக்கைகளுக்குக் கூடுதலாகத் தலையசைத்தார்கள். பார்த்தவுடன் கேட்ட கேள்விகள் அவை, பல வருடப் பழக்கத்தை அளக்கவில்லை. ஆனால் எங்களை நிறுத்தியது, ஆய்வுக்கு உட்கார்ந்தவர்கள் பெண்கள் என்பது. துரத்தப்படுகிறவளே "இதுவும் ஒரு அன்புதானோ, நான்தான் பெரிதாக்குகிறேனோ" என்று தயங்கினால், அந்தத் தாளில் இருந்த "ஒண்ணுமில்ல" எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடுகிறது.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை ஒருநாள் வரச் சொன்னோம். அப்போது அமலில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 354டி பிரிவை அவர் வாசித்தார். 2013இல் சேர்க்கப்பட்டது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவாக இருக்கிறது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும், பழக்கம் ஏற்படுத்திக்கொள்வதற்காக ஓர் ஆண் திரும்பத் திரும்ப அவளைப் பின்தொடர்ந்து தொடர்புகொண்டால், கொள்ள முயன்றால், குற்றம். முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை, மறுமுறை ஐந்து ஆண்டு வரை. வாசித்துவிட்டு எங்கள் ஸ்கிரிப்ட்டைப் புரட்டினார். "உங்க ஹீரோ இடைவேளைக்குள்ள பதினோரு சீன்ல இதப் பண்றாரு" என்றார்.

இயக்குநரின் மனத்தை மாற்றியது சட்டம் அல்ல. உதவி இயக்குநர் பஸ் நிறுத்தக் காட்சியை ஒத்திகையில் போனில் எடுத்து வைத்திருந்தார். ஒன்றரை நிமிடம். சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நிற்கும் பெண்ணை ஜூம் செய்து எடுத்தது. அதில் ஒரு முறை புல்லாங்குழல் இசையைச் சேர்த்துக் காட்டினார். இனிமையாக இருந்தது. அடுத்து அதே வீடியோவில் இசையை எடுத்துவிட்டுப் பேய்ப்படத்தில் வருவது மாதிரி ஒரு ஒற்றைச் சுருதியை மட்டும் போட்டுக் காட்டினார். ஒரு ஷாட்டைக்கூட மாற்றவில்லை. அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிற இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இயக்குநர், "இதக் கதையிலிருந்து தூக்கிடுவோம்" என்றார்.

## முதல் முடிவு: எச்சரிக்கை வாசகம் வேண்டாம்

தயாரிப்பாளர் தரப்பு சொன்ன வழி சுலபமானது. தொடக்கத்தில் ஒரு வாசகம் போடலாம், நடுவில் நாயகி அவனை ஓங்கி அறைந்து இரண்டு பக்கம் வசனம் பேசட்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

இதை ஏற்கவில்லை. காரணம், பார்க்கிறவர் மனதில் நிற்பது வசனத்தைவிட, கதை யாருக்கு எதைப் பரிசாகக் கொடுக்கிறது என்பது. அறை வாங்கிய பிறகும் அவளே கிடைக்கிறாள் என்றால், அந்த அறையும் போகிற வழியில் வந்த ஒரு படிக்கட்டுதான். பழைய ஸ்கிரிப்ட்டில் அவள் நான்கு முறை மறுத்தாள், நான்கும் கதையை ஓர் அங்குலம் மாற்றவில்லை. மறுப்புக்கு அந்தக் கதையில் எடை இல்லை. எனவே எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: அவள் வேண்டாம் என்று சொன்னதால் அடுத்த காட்சியில் என்ன மாறுகிறது?

## முதல் இரண்டு திருத்தங்களும் ஏன் விழுந்தன

நவம்பரில் முதல் திருத்தம். பஸ், போன் நம்பர், டீக்கடை, குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். அவன் ஒருமுறை கேட்கிறான், அவள் மறுக்கிறாள், அவன் சரி என்று போய்விடுகிறான். அப்புறம் அவன் செய்வதற்கு எதுவுமே இல்லை. வாசித்தபோது எல்லோருக்கும் கொட்டாவி வந்தது. நாயகன் அரசமரத்தடிப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். "பாத்தீங்களாண்ணே, தடை இல்லாம காதல் கதை நிக்காது" என்றார் இயக்குநர். அவர் சொன்னது சரிதான். நாங்கள் தடையை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தோம்.

டிசம்பரில் இரண்டாவது. இந்த முறை அவனை ஒதுங்கி நின்று நல்லது செய்கிறவன் ஆக்கினோம். அவளுக்கே தெரியாமல் அவள் ஹாஸ்டல் கட்டணத்தைக் கட்டுகிறான், அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இரவில் வெளியே நிற்கிறான், இரண்டாம் பாதியில் அவளுக்கு எல்லாம் தெரியவருகிறது. எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. துரத்தல் இல்லை, அர்ப்பணிப்பு இருக்கிறது, சரியாக வந்துவிட்டது என்று நம்பினேன்.

உதவி இயக்குநர் கேட்டார்: "அண்ணா, அவளுக்குப் பணம் பத்தலங்கறது இவனுக்கு எப்படித் தெரியும்? அப்பா எந்த வார்டுன்னு யார் சொன்னா?"

தெரிய வேண்டுமென்றால் அவன் கவனித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். டீக்கடையில் நிற்பதை நிறுத்திவிட்டான், பார்ப்பதை நிறுத்தவில்லை. அதைவிட மோசம் இரண்டாம் பாதி. அவளுக்கு உண்மை தெரிகிற நாளில் அவள் தலையில் ஒரு கடன் ஏறுகிறது. கேட்காத கடன், தொகையும் பெரியது. இத்தனை செய்தவனை எப்படி வேண்டாம் என்பது? குழாய் ஒலிபெருக்கி செய்த அதே வேலையை இந்த ரகசிய உதவி இன்னும் மென்மையாகச் செய்தது. நல்லவனாகக் காட்டுவதால் எதிர்க்கவும் முடியாது. இந்த இடம்தான் எழுத்தாளர்களுக்கு மிகவும் வழுக்கும் இடம் என்று இப்போது நினைக்கிறேன். அழுத்தம் கையை ஓங்கித்தான் வரவேண்டும் என்பதில்லை.

## மூன்றாவது திருத்தம்

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த இயக்குநர், கல்லூரியில் படித்த தொல்காப்பியத்தை எடுத்துவந்தார். "சங்கத்துலயே தலைவன் பின்னாடி நிக்கிறானே, மடல் ஏர்றானே" என்று வாதம் செய்யத்தான் கொண்டுவந்தார். சேர்ந்து படித்தபோது விஷயம் திரும்பிவிட்டது.

மடலேறுவது என்றால் பனை மட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, ஊர் நடுத்தெருவில் அவள் பெயரைச் சொல்லி வருவது. அவளையும் அவள் வீட்டையும் ஊரின் வாயில் விடுவது. எங்கள் குழாய் ஒலிபெருக்கி காட்சி அச்சாக அதுதான். அதைத் தொல்காப்பியர் எங்கே வைக்கிறார் என்று பார்த்தால், ஒத்த அன்பைப் பாடும் ஐந்திணையில் வைக்கவில்லை. 'ஏறிய மடல் திறம்' என்பது பெருந்திணைக் குறிப்புகளில் முதலாவது. பெருந்திணை, பொருந்தாக் காமம். மறுபக்கம் கைக்கிளை என்ற ஒருதலைக் காமத்துக்கு அவர் சொல்லும் விளக்கத்தில் 'சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்' என்று ஒரு தொடர் வருகிறது. எதிர்ச்சொல் கிடைக்காதவன் தானே சொல்லிச் சொல்லி மகிழ்வது. எங்கள் நாயகனின் பாதி வசனம் அதில் அடங்கிவிட்டது. பாடவே கூடாது என்று இலக்கணம் தடுக்கவில்லை. வேறு பெயர் கொடுத்து வேறு இடத்தில் வைத்தது, அவ்வளவுதான். நாங்கள் அந்த இரண்டையும் ஐந்திணை என்று பெயர் மாற்றி விற்றுக்கொண்டிருந்தோம்.

அதைவிடப் பயன்பட்டது அடுத்த விஷயம். ஐந்திணைக் காதலில் தடைக்குப் பஞ்சமே இல்லை. தாயின் காவல், ஊர் பேசும் அலர், இரவில் சந்திக்க வருகிற வழியின் ஆபத்து, பொருள் தேடப் பிரிவது. எல்லாத் தடையும் இருவருக்கும் வெளியே இருக்கிறது. அவளுடைய மனம் தடையல்ல. எங்கள் கதையில் தடை எங்கே இருந்தது? அவள் விருப்பத்திலேயே. அதை உடைப்பதுதான் நாயகனின் வேலையாக இருந்தது. ஆக, தடையை அங்கிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டும்.

அப்படி எழுதியதில் கதை இப்படி மாறியது. அவன் கேட்கிறான், அவள் "எனக்கு அந்த எண்ணம் இல்லங்க" என்கிறாள், அவன் "சரிங்க" என்கிறான். மறுநாள் ஆறே முக்கால் பஸ் வருகிறது, அதில் அவன் இல்லை. அடுத்த மாதம் அவள் தெருக் கோயிலில் கொடை, அவனுக்கு ஆர்டர் வருகிறது. அவன் போகாமல் தன்னிடம் வேலை பார்க்கும் பையனை அனுப்புகிறான், தானே போனால் கிடைக்கிற கூடுதல் காசு போகிறது. அது ஒரு வரிக்குமேல் வரக்கூடாது, அவளுக்குத் தெரியவும் கூடாது என்று முடிவு செய்தோம்.

அப்புறம் அவளுடைய காட்சிகள். அவள் வேலை, அவள் தாத்தா, கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தும் வீட்டில் விடாதது. தாத்தாவின் பழைய ரேடியோவைச் சரிசெய்ய அவளே மைக்செட் கடைக்கு வருகிறாள். அங்கே அவள் பார்ப்பது அவன் வேலை செய்கிற விதத்தை. பிரசவமாகி வந்த வீடு இருக்கும் தெருவில் குழாய் கட்டும்போது அதை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லிப் பையனிடம் சொல்கிறான். அது அவள் தெரு இல்லை, அவளுக்காகவும் இல்லை. அவன் யாரிடமும் அப்படித்தான் இருப்பான். ஒரு காட்சிக்கான அந்தச் சிறு செய்கை, பழைய பதினோரு காட்சிகளைவிட அவனை விரும்ப வைத்தது. முன்பு தெருவையே அவள் பக்கம் திருப்பிய அதே குழாய் அது.

இடைவேளைக்கு முன் அவள்தான் பேச்செடுக்கிறாள். தடை அதற்குப் பின்னால் வருகிறது: வீடு, சாதி, அவன் கடன். அவனுடைய மாமா "கூட்டிட்டு வந்துடுடா, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்கிறார். அவன் அவளிடம் போய், "நீ என்ன நினைக்கற?" என்று கேட்கிறான். அவள் கோயம்புத்தூர் வேலைக்குப் போகணும், ஒரு வருடம் வேணும் என்கிறாள். அவன் காத்திருக்கிறான். பழைய கதையிலும் அவன் காத்திருந்தான். இந்தக் காத்திருப்பை அவள் கேட்டாள் என்பதுதான் வித்தியாசம்.

## பாடலும் கேமராவும்

இந்தக் கட்டத்தில் முதலில் ஒப்புக்கொண்டிருந்த நடிகர் விலகினார். அவருக்குப் பழைய துரத்தல் பாடல் வேண்டும். ஐந்து மாதம் போயிற்று. புதுமுகம் ஒருவரை வைத்து 2023 ஜூலையில் படப்பிடிப்பு தொடங்கி 38 நாளில் முடித்தோம்.

கதை திருந்திய பிறகும் பழைய பழக்கம் கேமரா வழியாகத் திரும்பி வந்தது. ஒளிப்பதிவாளர் வழக்கம்போல நாயகியின் அறிமுகத்துக்கு நீளமான லென்ஸ் போட்டு சாலைக்கு அந்தப் பக்கம் கேமராவை வைத்தார். அழகான ஷாட். ஆனால் அந்த லென்ஸ் வைத்த இடம்தான் டீக்கடை. பார்க்கிறவரைக் கொண்டுபோய் ஒளிந்து நிற்பவனின் கண்ணுக்குப் பின்னால் உட்கார வைக்கும். அதற்காக ஒரு விதி வைத்துக்கொண்டோம்: தான் பார்க்கப்படுவது அவளுக்குத் தெரியாத எந்த ஷாட்டும் நாயகனின் பார்வையில் வரக்கூடாது. கேமரா அவள் பக்கத்தில் போய் நின்றது. அவள் ரத்த மாதிரிக் குப்பியில் லேபிள் ஒட்டுவதைக் கை அருகில் இருந்து எடுத்தோம்.

பாடலாசிரியரிடமும் சூழ்நிலையைத் திருத்திச் சொன்னோம். "அவன் அவளை நினைத்துப் பாடுகிறான்" என்பதற்குப் பதில் "இருவரும் ஒரே நாளை இரண்டு ஊரில் கழிக்கிறார்கள்" என்றோம். மற்றதை அவர் பார்த்துக்கொண்டார்.

## முன்னோட்டக் காட்சியில் தெரிந்த ஓட்டை

நவம்பரில் நாற்பது பேருக்குப் போட்டுக் காட்டினோம், பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள். முடிந்ததும் ஒரு பையன் சந்தோஷமாகச் சொன்னான்: "சூப்பர் சார். விட்டுப் பிடிக்கணும்ங்கறீங்க. நாம விலகிப் போனா அவளே வருவா."

ஒரு வருட வேலை அந்த ஒரு வரியில் கவிழ்ந்தது போல இருந்தது. அவன் தவறாகப் பார்க்கவில்லை. படத்தில் சரி என்று விலகியவனுக்கு அவள் கிடைத்தாள். விலகுவதும் ஒரு உத்தி என்றுதான் கதையின் கணக்கு சொல்லியது. மறுப்புக்கு எடை வேண்டும் என்று தொடங்கிய நாங்கள், கடைசியில் மறுப்பை ஒரு தற்காலிக விஷயமாகவே வைத்திருந்தோம்.

நான்கு நாள் கூடுதலாகப் படம்பிடித்தோம். நாயகனின் நண்பன், ஆட்டோ ஓட்டுகிறவன், ஒரு டீச்சரிடம் விருப்பத்தைச் சொல்லியிருப்பதாக முன்பே ஒரு வசனம் இருந்தது. அதை வளர்த்தோம். அவள் மறுக்கிறாள். அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கிறான். மூன்றாம் நாள் வண்டி எடுக்கிறான். கடைசிவரை அவள் மனம் மாறுவதில்லை. படத்தின் இறுதியில் அவள் கணவனோடு அவன் ஆட்டோவிலேயே ஏறுகிறாள், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறாள், "நல்லா இருக்கேன் டீச்சர்" என்கிறான், இறக்கிவிட்டு மீட்டர் காசை வாங்கிக்கொள்கிறான். அவன் முகத்தில் வலி இருக்கிறது, பழிவாங்கல் இல்லை. அவளை மோசமானவளாகக் காட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டாவது முன்னோட்டத்தில் "விட்டுப் பிடிக்கணும்" என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டோக்காரனைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

## வெளியான பிறகு

2024 தொடக்கத்தில் படம் வெளியானது. பெரும்பாலான தியேட்டர்களில் ஒரு வாரம் ஓடியது. பிறகு ஓடிடியில் வந்தபோதுதான் ஓரளவு பேர் பார்த்தார்கள். முதல் பாதி மெதுவாக இருக்கிறது என்ற விமர்சனம் வந்தது. அது உண்மை. நாயகியின் வீட்டுக் காட்சிகளை இன்னும் இறுக்கமாக எழுதியிருக்க வேண்டும். போட்ட பணம் வந்தது, லாபம் பெரிதாக இல்லை.

மறுபடியும் செய்வதாக இருந்தால் முதலில் மாற்றுவது, விவாதத்தில் பெண்களை உட்கார வைக்கும் நாளை. வாசிப்பு நாளில் குரல் கொடுக்கக் கூப்பிட்டவர்தான் படத்தைக் காப்பாற்றினார். கதையின் ஒருவரி எழுதும் நாளிலேயே அவர் இருந்திருந்தால் ஆறு மாதம் மிச்சம். அவருடைய இருபக்கத் தாளை இப்போது எந்தக் கதைக்கும் முதல் வாரத்திலேயே போடுகிறேன். வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்தக் காட்சியை எழுதுவதில்லை.

இன்னொன்று டப்பிங். வாய் அசைவு தெரியாத இடங்களில் நகைச்சுவை நடிகர்கள் டப்பிங்கில் வரி சேர்ப்பது வழக்கம். நாயகன் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வரும் காட்சியில், முதுகு மட்டும் தெரிகிற ஷாட்டில், நண்பர் கூட்டத்தில் ஒருவராக நடித்தவர் ஒரு வரி போட்டிருந்தார்: "டேய், பொண்ணு வேணாம்னா வேணும்னு அர்த்தம்டா." அன்று டப்பிங் தியேட்டரில் இருந்தவர்கள் சிரித்தார்கள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மிக்ஸிங்கில் யாருக்கும் உறுத்தவில்லை. நானும் இரண்டு முறை கேட்டேன், என் காதிலும் விழவில்லை.

முதல் நாள் மாலைக் காட்சியில் படத்திலேயே அதிகச் சிரிப்பு அந்த வரிக்குத்தான் வந்தது. என் பக்கத்தில் இருந்த உதவி இயக்குநர் எழுந்து வெளியே போய்விட்டார். ஓடிடிக்குப் போன பிரதியில் அதை எடுத்துவிட்டோம். தியேட்டரில் யாரோ போனில் எடுத்த பன்னிரண்டு வினாடித் துண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.